நீளக் கொக்கி குரோஷா: சுருளும் துணியை எப்படிப் படுக்க வைப்பது? (கேள்வி பதில்)

ராணிப்பேட்டையிலிருந்து: அக்கா, துனிசியன் குரோஷாவில், அதாவது நீளக் கொக்கி குரோஷாவில், மஃப்ளர் ஆரம்பித்தேன். 24 கண்ணி, 4 மி.மீ. கொக்கி, எல்லாம் சிம்பிள் தையல். எட்டு வரிசை வருவதற்குள் அடிப்பக்கம் பாய் மாதிரி முன்பக்கமாகச் சுருட்டிக்கொள்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

தையலில் தப்பில்லை தங்கச்சி. கொக்கியும் தொடங்கிய விதமும்தான் சரியில்லை. பின்னிய துண்டைக் கையில் எடுத்து முதலில் முன்பக்கம் பார். நிமிர்ந்த இழைகள் மட்டும் வரிசையாக, தட்டையாக நிற்கும். இப்போது திருப்பிப் பார். கண்ணிகளைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டே திரும்பும் வரிசையில் போட்ட நூலெல்லாம் குறுக்கே புடைப்பு புடைப்பாக அங்கேதான் கிடக்கும். கண்ணிகளைக் கொக்கியில் சேர்த்துக்கொண்டே போகும் வரிசையில் முன் இழைக்கு அடியில் கொக்கியை விட்டு இழுக்கும்போது நூல் எப்போதும் பின்னாலேயே நிற்கிறது. அதனால் பின்பக்கம் நூல் கூடிப்போய் இடம் கேட்கிறது, முன்பக்கம் இறுக்கமாக நிற்கிறது. நெருக்கப்பட்ட பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வர, துணி முன்னோக்கி மடிகிறது. அடி ஓரத்தைப் பிடித்துவைக்கக் கீழே வேறு வரிசை இல்லை. அதனால் சுருட்டல் அங்கே ஆரம்பிக்கிறது.

உன் கேள்வியைப் படித்ததும் அதே நடுத்தரத் தடிமன் அக்ரிலிக் நூலில் 24 கண்ணி, 15 வரிசை வைத்து மூன்று துண்டு பின்னிப் பார்த்தேன். முதலாவது உன்னைப் போலவே 4 மி.மீ. கொக்கியில். அடி ஓரம் மேலே ஏறி நான்கு வரிசையை மூடிவிட்டது. துண்டும் அட்டை மாதிரி விறைப்பு. இரண்டாவதற்குக் கொக்கியை மட்டும் மாற்றி 5.5 எடுத்தேன். துணி மெத்தென்று ஆனது. உள்ளங்கையால் தடவினால் படுத்தது, கையை எடுத்தால் பாதி எழுந்தது. மூன்றாவதும் 5.5தான். ஆனால் அடிச்சங்கிலியைத் திருப்பி, அதன் முதுகில் தெரியும் புடைப்புகளில் கண்ணி எடுத்தேன். அடுத்த இரண்டு வரிசையும் பர்ல், அதற்கு மேல்தான் சிம்பிள். அது மேஜையில் தானாகவே படுத்துக்கொண்டது. இரண்டு மூலை மட்டும் லேசாகத் தூக்கியது, அவ்வளவுதான்.

பர்லில் கொக்கியை விடும் முன்பே நூலை முன்பக்கம் கொண்டுவந்து விடுகிறோம். புடைப்பு முன்னால் விழுந்து, சிம்பிள் இழுக்கிற திசைக்கு எதிராக இழுக்கிறது. சாதாரண குரோஷாவுக்கு 4 எடுக்கிற நூலென்றால் இதற்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. கூடுதலாக எடு. எட்டு வரிசைதானே, பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி.

காட்பாடியிலிருந்து: மலிவு நூல் வாங்கியதால்தான் சுருள்கிறது என்று என் தோழி சொல்கிறாள். உண்மையா?

பாதி உண்மை. அக்ரிலிக் நூல் மடக்கினால் திருப்பி எழும், அதனால் சுருட்டல் நன்றாகத் தெரியும். பருத்தி நூல் கனம், சீக்கிரம் படியும். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முன்னும் பின்னும் ஒரே அளவு நூல் இருக்கப்போவதில்லை. நூலை மாற்றினால் சுருட்டல் குறையும், போகாது.

குடியாத்தத்திலிருந்து, தறி வேலை செய்பவர்: நான் குரோஷா போடுபவன் அல்ல, மனைவி போடுவதைப் பார்க்கிறேன். தறியில் ஊடையை இழுத்து நெய்தால் துணியின் கரை இழுத்துக்கொள்ளும். இங்கேயும் கை இறுக்கம்தான் காரணம். கொக்கியை மாற்றச் சொல்வதை விடக் கையை மாற்றச் சொல்லுங்கள்.

அண்ணா, இறுக்கம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். திரும்பும் வரிசையில் ஒவ்வொரு முறையும் நூலைச் சுண்டி இழுக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. திரும்பும்போது முதலில் ஒரே ஒரு கண்ணி வழியாக இழுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இரண்டிரண்டாக. அந்த முதல் ஒற்றையை மறந்தால் இடது ஓரம் உள்ளே ஒடுங்கும். மற்ற இடங்களில் கொக்கி கண்ணிக்குள் தாராளமாக நுழைய வேண்டும். அடுத்த வரிசையில் கொக்கியை முட்டி முட்டி நுழைக்க வேண்டியிருந்தால் கை இறுகிவிட்டது என்று அர்த்தம். திரும்பும் வரிசையில் இழுக்காதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் எத்தனை முறை எழுதப்போகிறேனோ தெரியவில்லை.

ஆனால் காரணம் அது ஒன்றே என்று சொல்ல மாட்டேன்.

மீண்டும் அவரே: கை தளர்வாக இருந்தால் எதற்காகச் சுருள வேண்டும்? நாங்கள் லுங்கி நெய்கிறோம், வெட்டிப் போட்டாலும் சுருள்வதில்லையே.

உங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது அண்ணா. ஒரு பழைய பனியனைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், வெட்டின ஓரம் உடனே சுருண்டுகொள்ளும். பக்கத்தில் ஒரு லுங்கித் துண்டையும் வெட்டி வையுங்கள், அது படுத்தே கிடக்கும். பனியன் மெஷினில் யாருடைய கையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. லுங்கியில் பாவும் ஊடையும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறி மாறிப் போவதால் இரண்டு முகமும் ஒன்றுதான். பனியனுக்கு முன்முகம் வேறு, பின்முகம் வேறு. நம் சிம்பிள் தையலும் பனியன் சாதி. கை தளர்ந்தால் சுருட்டல் பாதியாகும், தையலின் கட்டு மாறினால்தான் மிச்சமும் போகும்.

லுங்கி மாதிரியே மாற்றி மாற்றிப் போடுகிற தையலும் இதில் இருக்கிறது, ஹனிகோம்ப் என்பார்கள். ஒரு சிம்பிள், ஒரு பர்ல் என்று வரிசை முழுக்கப் போக வேண்டும். அடுத்த வரிசையில் சிம்பிள் தலையில் பர்ல், பர்ல் தலையில் சிம்பிள். கொக்கியில் முதலிலேயே இருக்கிற கண்ணியும் கடைசிக் கண்ணியும் ஓரத்துக்கு, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 24 போட்டால் நடுவில் 22 நிற்கும். எத்தனை நின்றாலும் ஒரு வரிசை சிம்பிளில் ஆரம்பித்தால் அடுத்தது பர்லில் ஆரம்பிக்க வேண்டும். அண்ணி கையால் பத்து வரிசை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து: இவ்வளவு எதற்கு? எங்கள் காலத்தில் குரோஷா மேஜை விரிப்புக்குக் கஞ்சி போட்டு, ஓரத்தை இழுத்து ஊசி குத்திக் காயவைப்போம். தகடு மாதிரி நிற்கும்.

அம்மா, பருத்தி நூலில் போட்ட விரிப்புக்கு உங்கள் வழி நன்றாகவே நிற்கும். என் அம்மாவும் சாதம் வடித்த கஞ்சியில்தான் போடுவார். ஆனால் அடுத்த துவைப்பில் கஞ்சி போய்விடும், மறுபடி போட வேண்டும். கழுத்தில் சுற்றுகிற மஃப்ளருக்கும் குழந்தைப் போர்வைக்கும் விறைப்பு ஆகாது. பருத்தியை வெறும் தண்ணீரில் நனைத்து, அளவுக்கு இழுத்து, ஊசி குத்தி நிழலில் காயவிட்டாலே நிறையப் படியும். மொட்டைமாடி வெயிலில் மட்டும் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குச் சாயம் வெளுத்துவிடும்.

ஆம்பூரிலிருந்து: அக்ரிலிக் போர்வையை அயர்ன் பண்ணிவிட்டால் சரியாகிவிடுமா?

இஸ்திரிப் பெட்டி துணியில் படவே கூடாது. ஒரு அங்குலம் மேலே பிடித்து ஆவியை மட்டும் விடுங்கள், கையால் தடவி, ஆறும் வரை அசைக்காமல் வையுங்கள். சூடான பெட்டி நேராகப் பட்டால் நூல் பளபளத்துத் தொய்ந்துவிடும், திரும்பி வராது. ஒருமுறை ஒரு குழந்தைப் போர்வையின் மூலையை இப்படி நானே கெடுத்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட வேலை. முதலில் பின்னிய மாதிரித் துண்டில் செய்து பார்க்காமல் போர்வையில் ஆவி விடாதீர்கள்.

ஆற்காட்டிலிருந்து: என் மஃப்ளரும் சுருள்கிறது அக்கா, 3.5 மி.மீ. கொக்கி. என்ன செய்யலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். கொக்கி சின்னது.

வாலாஜாபேட்டையிலிருந்து: நீளக் கொக்கி இல்லை. சாதாரணக் கொக்கியில் முடியுமா?

பத்துப் பன்னிரண்டு கண்ணி அகலத்துக்கு முடியும். கட்டைவிரல் வைக்கிற பட்டை இல்லாத, ஒரே தடிமனாக இருக்கிற கொக்கியாக எடுங்கள். மறுமுனையில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டால் கண்ணி நழுவாது. அதைவிட அகலத்துக்கு நீளக் கொக்கியோ ஒயர் வைத்த கொக்கியோ வேண்டும். சின்னக் கொக்கியில் கண்ணிகளை நெருக்கித் திணித்தால் கை தானாக இறுகும். பிறகு திரும்பும் வரிசையில் இழுப்பீர்கள்.

திருப்பத்தூரிலிருந்து: நிட் தையல் அழகாக இருக்கிறது என்று போர்வை முழுக்க அதில் போட்டேன். சுற்றிலும் பார்டர் போட்டால் படியுமா?

முழுக்கப் படியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இருக்கிற தையல்களில் மிக அதிகமாகச் சுருள்வது நிட்தான், கொக்கி இழைகளுக்கு நடுவே பின்பக்கம் வரை போவதால் நூல் முழுக்கப் பின்னால் சேர்கிறது. இரண்டு மூன்று சுற்று சாதாரணக் குரோஷாவில் கனமான பார்டர், மூலைக்கு மூன்று கண்ணி, அதன் பிறகு ஆவி. இவ்வளவும் செய்தால் பயன்படுத்துகிற அளவுக்கு நிற்கும். ஒற்றைச் சுற்று மெல்லிய பார்டர் போட்டால் பார்டரும் சேர்ந்து சுருளும். எனக்குத் தெரிந்த ஒருவர் நிட்டில் இரண்டு மடங்கு பெரிய கொக்கி எடுத்து, பார்டரே இல்லாமல் படுக்க வைக்கிறார். என் கைக்கு அது துளைத்துளையாகத்தான் வருகிறது.

ஆற்காட்டிலிருந்து இன்னொருவர்: 4 மி.மீ. கொக்கியில் போட்டேன், சுருள்கிறது. நூல் மாற்றவா?

கொக்கியை மாற்றுங்கள். முதல் இரண்டு பதிலையும் படித்துவிட்டு வாருங்கள்.

குடியாத்தம், அதே அண்ணா: பனியனையும் லுங்கியையும் வெட்டிப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னதுபோலத்தான். மனைவி ஹனிகோம்பில் பத்து வரிசை போட்டாள், அடி ஓரம் அசையவில்லை. ஆனால் மேல் ஓரம் லேசாக முன்னால் சாய்கிறது. இது கையா, கட்டா?

இப்போது இரண்டும்தான் அண்ணா. கடைசியாக மூடுகிற வரிசையை அண்ணி சிம்பிள் மாதிரியே, இறுக்கமாக மூடியிருப்பார். அந்த வரிசையை மட்டும் பிரித்து, அரை மி.மீ. பெரிய கொக்கி எடுத்து, கீழே இருக்கிற தையலைப் பார்த்து மாற்றிப் போடச் சொல்லுங்கள்: சிம்பிள் தலையில் பர்லாக மூட வேண்டும், பர்ல் தலையில் சிம்பிளாக. கடைசிக் கண்ணியில் ஓரத்தின் இரண்டு இழையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதற்கு மேலும் சாய்ந்தால் எத்தனை கண்ணி, என்ன கொக்கி என்று எழுதுங்கள், நானும் அதே அளவில் போட்டுப் பார்க்கிறேன்.