பாட்டில் மூடியும் பளபள பாக்கெட்டும்: கேள்வி பதில்

அம்பத்தூரில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. கடைகளிலிருந்து வரும் போட்டோவைப் பார்த்து பேட்ச் எண், காலாவதி தேதியைப் பதிவேன்.

மூடியில் எண் பளிச்சென்று இருக்கிறது. அப்படியும் தப்பாகிறதே?

எனக்கும் ஆனது. சிரப் பாட்டில் மூடியில் 6809 என்று படித்தேன், பதிந்தேன். போட்டோ தலைகீழாக எடுத்தது, உண்மையில் அது 6089. தலைகீழானால் 6 என்பது 9 ஆகவும் 9 என்பது 6 ஆகவும் தெரியும். 0, 8 உருவம் மாறாது, வரிசை மட்டும் பின்னிருந்து முன்னாகத் திரும்பும். இரண்டுமே நம்பும்படியான எண்கள். கீழே தேதி தெரிந்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன்: 09/26ஐத் திருப்பினால் 92/60, அப்படி ஒரு மாதம் இல்லை. அந்த வரிமேல் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து மறைத்துவிட்டது. அதனால் 6, 9, 8, 0 மட்டுமே உள்ள எண் வந்தால், பக்கத்தில் ஏதாவது ஓர் எழுத்து நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பதிகிறேன்.

உருண்டை பாட்டிலில் ஓரத்து எழுத்து நசுங்குகிறது.

நடுப்பகுதியை மட்டும் நம்புங்கள். பாட்டிலைக் கால் சுற்று திருப்பித் திருப்பி நான்கு படம் எடுங்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததில் நடுவுக்கு வரும். 500 மி.கி.யின் கடைசி 0 வளைவுக்குப் பின்னால் போனால் 50 என்று தெரியும், சந்தேகமே வராது. அதுதான் ஆபத்து.

ஜிகினா பாக்கெட், ஃபிளாஷ் போட்டும் தெரியவில்லை.

போட்டதால்தான். அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் சாய்த்து இரண்டு படம் எடுங்கள். வெள்ளையாகிப்போன இடத்தில் எழுத்தே பதிவாகவில்லை, பிறகு எப்படி இருட்டாக்கினாலும் திரும்பி வராது.

மாத்திரை அட்டையில் மை இல்லாமல் அழுத்தின எண்ணுக்கும் ஃபிளாஷ் வேண்டாமா?

வேண்டாம், வேண்டாம். டார்ச்சை அட்டையோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழும்.

என் அம்மாவுக்கு லேபிளே தெரிவதில்லை, கண்ணாடி மாற்றலாமா?

கண் டாக்டரைக் கேளுங்கள்.

எதற்கு சார் இவ்வளவு பாடு, பார்கோடை ஸ்கேன் செய்தால் எல்லாம் வந்துவிடுமே?

பாதி சரி. 890 என்று தொடங்கும் சாதாரண பார்கோடு என்ன பொருள் என்று மட்டும் சொல்லும், எந்த பேட்ச் என்று சொல்லாது. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு பேட்ச், காலாவதி அடங்கிய கோடு கட்டாயம். மற்றவற்றுக்குக் கண்தான்.

அந்தக் கோடும் வளைவில் இருந்தால் ஸ்கேன் ஆகாதே?

ஆகாமல் போகும். அதையும் நடுவுக்குத் திருப்புங்கள்.

ஓர் எழுத்து தெரியாவிட்டால் ஊகித்துப் போடலாமா? எங்கள் முதலாளி கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்கிறார்.

நான் 60?9 என்றே எழுதுகிறேன், பக்கத்தில் ‘மூன்றாவது இலக்கத்தில் வெளிச்சம், வேறு படம் தேவை’ என்றும். எங்கள் மேலாளர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கேள்விக்குறி போட்டால் கணினி அந்தக் கட்டத்தை ஏற்பதில்லை என்கிறார், அதுவும் உண்மைதான். இப்போதைக்குக் குறிப்பு நோட்டில் எழுதிவைத்து, கடைக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.