‘கணக்குப்பிள்ளை’ எப்போது வருகிறார்? வளரிளம் பருவத்தினருடன் நரேட்டிவ் தெரபி: கேள்வி பதில்

முதுகலை உளவியல் மாணவி: பிரச்சினைக்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்து, அதை எதிரியாக்கி, பிள்ளையை அதனோடு சண்டை போடச் சொல்வதுதானே எக்ஸ்டர்னலைசிங்?

பெயர் வைப்பது என்ற வரைக்கும் சரி. ஆளையும் பிரச்சினையையும் பிரித்துப் பேசுவதே இதன் நோக்கம்; வேடிக்கையும் சண்டையும் கட்டாயமில்லை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை வேறு விதமாகச் சொல்ல உதவும் உளச்சிகிச்சைதான் நரேட்டிவ் தெரபி. அடிலெய்டில் மைக்கேல் வைட்டும் ஆக்லாந்தில் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் அதை வளர்த்தபோது, தொடக்கத்தில் பேசப்பட்ட நேர்வுகளில் ஒன்று உடையிலேயே மலம் கழித்துவிடும் சிறுவர்களுடையது. அந்தத் தொல்லைக்கு ‘ஸ்னீக்கி பூ’ என்று பெயரிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அப்படி ஒரு பெயரை நீட்டினால், தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளும். சண்டை உருவகத்தை மட்டுமே நம்பியிருப்பதைப் பற்றிப் பிற்காலத்தில் வைட்டே எச்சரித்தார். ‘விரட்டிவிட்டேன்’ என்று சொன்ன பிள்ளையிடம் அடுத்த மாதம் பிரச்சினை திரும்பி வந்தால், அது தன் தோல்வி என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

நம் மொழி இதில் நமக்குப் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ‘எனக்குக் கோபம் வந்தது’, ‘பயம் பிடித்துக்கொண்டது’ என்று சொல்லும்போது, கோபமும் பயமும் வருகிறவை, பிடிக்கிறவை, போகிறவை. ‘கோபக்காரன்’, ‘பயந்தாங்கொள்ளி’, ‘சோம்பேறி’ என்ற சொற்கள்தான் வந்து போகிற ஒன்றை ஆளோடு ஒட்டிவிடுகின்றன. அந்த ஒட்டை மெல்லப் பிரிப்பதே நம் முதல் வேலை.

பள்ளி ஆலோசகர்: பெயர் வைத்த பிறகு என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். ஒரு நேர்வைக் கேள்விகளோடு சொல்ல முடியுமா?

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி. இயற்பியல் தேர்வில் சரியான விடையை எழுதிவிட்டு, அதையே குறுக்கே அடித்துவிடுவாள். ‘சின்ன வயசிலேயே இவள் பயந்தாங்கொள்ளிதான்’ என்று அவளை வைத்துக்கொண்டே தாயார் சொன்னார்.

என்ன பெயர் கொடுப்பாய் என்று கேட்டதற்கு அவள் ‘டென்ஷன்’ என்றாள். அது எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்லும் சொல் என்பதால் நான் அங்கே நிற்கவில்லை. “அது எந்த நேரத்தில் வருகிறது? வந்து என்ன சொல்கிறது? எந்தக் குரலில் சொல்கிறது?” என்று கேட்டேன். “இதுக்கு அரை மார்க் போச்சு, அதுக்கு ஒரு மார்க் போச்சுன்னு கூட்டிக்கிட்டே இருக்கும், கணக்குப்பிள்ளை மாதிரி” என்றாள். அன்று முதல் இருவரும் அந்தப் பெயரையே புழங்கினோம்.

பிறகு அவருடைய நடமாட்டத்தை விசாரித்தோம். “தேர்வு அறைக்குள் கணக்குப்பிள்ளை எத்தனையாவது கேள்வியில் நுழைகிறார்? வீட்டில் எங்கே உட்காருகிறார்? உனக்கும் உன் தோழிக்கும் நடுவில் என்ன செய்திருக்கிறார்? உன்னைப் பற்றி உன்னையே என்ன நம்ப வைத்திருக்கிறார்?” மூன்றாவது கேள்வியில் வருகிறார் என்றாள். ஒருமுறை தன்னைவிட அதிகம் வாங்கிய தோழியோடு இரண்டு மாதமாகப் பேசவில்லை என்பதும் இப்போதுதான் வெளியே வந்தது.

ஆலோசகர்கள் பெரும்பாலும் தவறுவது இதற்கு அடுத்த படியில். இத்தனையும் கேட்ட பிறகு, ‘எவ்வளவு கெடுதல் பார்த்தாயா’ என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தீர்ப்பு அவளுடையதாக இருக்க வேண்டும். “இதெல்லாம் உனக்குச் சம்மதமா, சம்மதமில்லையா, இரண்டும் கலந்ததா?” என்று கேட்டேன். படிக்க உட்கார வைப்பதே அவர்தான், ஆனால் தேர்வு அறைக்குள் அவர் வரக் கூடாது என்றாள். “ஏன் கூடாது?” என்று கேட்டதற்கு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குத் தெரிஞ்சதை நான்தான் எழுதணும்” என்றாள். அந்த ‘ஏன்’ கேள்வியைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

அவள் எதை மதிக்கிறாள் என்பது தெரிந்த பிறகுதான் விதிவிலக்கை, அதாவது கணக்குப்பிள்ளையின் பேச்சு எடுபடாத ஒரு நேரத்தை, தேடினேன். ஒரு வகுப்புத் தேர்வில் நான்காம் கேள்விக்கு விடை வராதபோது, பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து ஐந்தாம் கேள்விக்குப் போனதாகவும், அன்று எதையும் அடிக்கவில்லை என்றும் சொன்னாள். ‘சபாஷ்’ என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். “மூடியைப் போடுவதற்குச் சற்று முன் என்ன நினைத்தாய்? இதைக் கேட்டால் கொஞ்சமும் ஆச்சரியப்படாதவர் யார்?” என்று கேட்டேன். ஆச்சி என்றாள். எட்டு வயதில் ஆச்சியின் பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்தவள் அவள். கணக்கு தவறினால், ‘நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்’ என்பாராம் ஆச்சி. பயந்தாங்கொள்ளி என்ற கதைக்குள் இந்தக் கடைக்கு இடமே இருக்கவில்லை.

அடுத்த தேர்வில் அவள் மறுபடி இரண்டு விடைகளை அடித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். வைத்த பெயரை நாம் மட்டுமே சொல்லி, பிள்ளை ஒருமுறையும் தானாகச் சொல்லாவிட்டால், அது நம்முடைய பெயர் என்று பொருள். அதைக் கைவிட்டுவிடுங்கள்.

ஒரு தந்தை: என் பையன் பத்தாவது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன். தப்பு அவன்மேல் இல்லை, போன்மேல்தான் என்கிறீர்கள். அப்போ பிடுங்கி வைத்தால் போதுமா?

ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. ஆளையும் பிரச்சினையையும் பிரிப்பது பொறுப்பைக் கழற்றிவிடுவதற்காக அல்ல. ‘நீ இப்படிப்பட்டவன்தான்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தன்னைக் காத்துக்கொள்வதே வேலையாகிவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்க்க இடம் கிடைத்தால்தான் தான் என்ன செய்வது என்ற கேள்வி அதற்கு எழும். பிரச்சினை போன்தானா என்பதும் நமக்கு இன்னும் தெரியாது. “பன்னிரண்டு மணிக்கு வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது, இன்னும் கொஞ்சம் என்று சொல்வது எது? அது உனக்கு என்ன தருவதாகச் சொல்கிறது? காலையில் என்ன எடுத்துக்கொள்கிறது?” என்று காலை நேரத்தில், கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். ‘போனை வைத்தால் தூங்கவிடாத யோசனைகள் வருகின்றன’ என்று பதில் வந்தால், போனைப் பிடுங்குவதால் அவன் அந்த யோசனைகளோடு தனியாக விடப்படுவான். அப்போது ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஓர் ஆசிரியை: உறவினர் ஒருவர் தொட்டுத் தொல்லை தருவதாக ஒரு மாணவி சொல்லி, “எனக்குப் பயம் அதிகம் மிஸ்” என்றாள். பயத்துக்குப் பெயர் வைத்துப் பேசலாமா?

கூடாது. அவளுடைய பயம் பிரச்சினையல்ல, அது சரியாக வேலை செய்கிறது. அந்த மனிதரின் செயல்தான் பிரச்சினை. அதைப் பெயர் வைத்துத் தனியே பிரித்தால், செய்தவரின் பொறுப்பு மறைந்துவிடும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று நடப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இன்றே தெரிவியுங்கள், வழிகாட்டுதல் தேவையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் பேசுங்கள். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆலோசகர்: கணக்குப்பிள்ளை அவள் மனத்தில் பிறக்கவில்லையே. பள்ளி வாராவாரம் தரவரிசையை ஒட்டுகிறது. நீங்கள் பிள்ளையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பது நியாயமா?

உங்கள் கேள்வி நியாயமானது. இந்த முறையின் வேரே அங்கேதான் இருக்கிறது; மனிதரை அளந்து வரிசைப்படுத்தும் பழக்கங்களைப் பற்றிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் எழுத்துகளிலிருந்து வைட் நிறைய எடுத்துக்கொண்டார். “கணக்குப்பிள்ளைக்கு யார் யார் உதவியாக இருக்கிறார்கள்?” என்று நானும் கேட்டேன். அறிவிப்புப் பலகை என்பது அவள் சொன்ன முதல் பதில். அவள் சம்மதத்தோடு பள்ளியில் பேசினேன். பட்டியலை நிறுத்த மறுத்துவிட்டார்கள். இப்போது அவள் பலகை இல்லாத பின்பக்கப் படிக்கட்டில் வகுப்புக்குப் போகிறாள். அதைத் தன் முடிவு என்று அவள் சொல்கிறாள். அது அவள் எடுத்துவைத்த அடியா, கணக்குப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த வழியா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அடுத்த அமர்வில் அவளிடமே கேட்க வேண்டும்.