டக்கு டக்கு மாட்டு வண்டியை எப்படித் தூங்க வைப்பது?

கேள்வி: எங்கள் அம்மா சும்மா கட்டிவிட்ட பாட்டு ஒன்று என் மகளுக்கு உயிர். அதையே இரவில் தாலாட்டாகப் பாடினால் என்ன என்று மெதுவாகப் பாடிப் பார்த்தேன். இழுவையாக இருக்கிறது, தூக்கமும் வரவில்லை. தாளம் மாறாமல் எப்படி மாற்றி எழுதுவது? ஊர் கிருஷ்ணகிரி. பாட்டு இதுதான்:

டக்கு டக்கு மாட்டு வண்டி
போச்சம் பள்ளி சந்தை வண்டி
கிட்ட வந்தா முட்டும் காளை
எட்டி நின்னு கொட்டு தாளம்

பதில்:

உங்கள் அம்மாவுக்கு நல்ல காது. இலக்கணம் பார்த்து எழுதியிருக்க மாட்டார், ஆனாலும் நான்கு வரியிலும் ஒரு சீர்கூடப் பிசகவில்லை. வரிக்கு நான்கு சீர், ஒவ்வொன்றும் தேமா, அதாவது நேர் நேர். டக்-கு, மாட்-டு, வண்-டி என்று பிரித்துக் கை தட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயரே போச்-சம், பள்-ளி என்று இரண்டு தேமாவாக வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் காப்பாற்ற வேண்டிய தாளம் இந்த நான்கு தேமாதான். மற்றதை எல்லாம் தாராளமாக மாற்றலாம்.

மெதுவாகப் பாடினால் ஏன் இழுவையாகிறது? 'டக்' என்று சொல்லி அதை நீட்டப் பாருங்கள். முடியாது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் நாக்கோ உதடோ காற்றை அடைத்துவிடுகிறது. அடைத்த பிறகு நீட்ட ஒலியே இல்லை. வேகமாகப் பாடும்போது அந்த அடைப்புதான் கைதட்டல் போலத் துள்ளலைத் தருகிறது. மெதுவாகப் பாடும்போது அதுவே ஓட்டையாகிவிடுகிறது. அந்த ஓட்டையை நிரப்ப நம்மை அறியாமல் அடுத்த எழுத்தை இழுக்கிறோம், 'டக்கூ... டக்கூ...' என்று. அரையாக ஒலிக்க வேண்டிய கடைசி உகரம் ஊகாரமாக நீண்டதும் சொல்லே வேறு சொல்லாகக் கேட்கிறது. உங்கள் காதுக்கு இழுவையாகப் பட்டது அநேகமாக இதுதான்.

இங்கே தமிழ் யாப்பு நமக்கு ஒரு பெரிய வசதி செய்து வைத்திருக்கிறது. 'டக்' என்பதும் நேரசை, 'மெல்' என்பதும் நேரசை, 'மா' என்பதும் நேரசை. கணக்கில் மூன்றும் ஒன்று, வாயில் மூன்றும் வேறு. 'மெல்' என்றால் ல் மீது நின்றுகொள்ளலாம். 'மா' என்றால் மூச்சு உள்ளவரை போகலாம். ஆகவே அசையைத் தொடாமல் அதற்குள் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களை, அதாவது ஓசை வகைகளைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். அம்மாவின் பாட்டு முதல் வகை, நமக்கு வேண்டியது இரண்டாவது.

வல்லினத்தை அடியோடு ஒதுக்கவும் தேவையில்லை. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்று மெல்லினத்துக்குப் பின்னால் வரும்போது வல்லினத்தின் முரட்டுத்தனம் போய்விடுகிறது. 'வண்டி'யில் ண் மீது ஒரு நொடி நின்று, டி-யை மெல்ல இறக்கிவிடலாம். 'மூடும்' போல இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வந்தாலும் பாதகமில்லை. தாலாட்டைக் கெடுப்பது க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற என்ற இரட்டைகள்தான். உங்கள் பாட்டில் அப்படி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், முதல் வரியிலேயே மூன்று, மூன்றாம் நான்காம் வரிகளில் இரண்டிரண்டு.

மூன்றாம் வரியையே எடுத்துக்கொள்வோம். 'கிட்ட வந்தா முட்டும் காளை.' முட்டுவது இரவில் வேண்டாம், சரி. உடனே கைக்கு வருவது 'கிட்டே வந்து நிற்கும் காளை'. பொருள் சாதுவாகிவிட்டது, சீரும் சரி. ஆனால் ட்ட அப்படியே இருக்கிறது, புதிதாக ற்க வேறு சேர்ந்துவிட்டது. 'வந்து' என்ற சொல்லின் உகரமும் நீட்டினால் 'வந்தூ' ஆகும். பொருளை மட்டும் சாந்தமாக்கி ஒலியை விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். அடுத்து 'கண்ணை மூடும் வெள்ளைக் காளை' என்று எழுதத் தோன்றும். பாதி தூரம் வந்தாயிற்று. ஆனால் 'வெள்ளைக் காளை' என்று வாய்விட்டுப் பாடினால் நடுவில் அந்த க் வந்து மூச்சை நிறுத்தும். ஒற்று மிகும் இடங்களைத் தாளில் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும், பாடினால் மாட்டிக்கொள்ளும். 'எங்கள் காளை' என்று மாற்றினால் அடைப்பு போய்விடுகிறது. எங்-கள், கா-ளை; தேமா தேமா.

இப்படியே மற்ற வரிகளையும் நடத்தினால்:

மெல்ல மெல்ல மாமன் வண்டி
பெண்ணை ஓரம் போகும் வண்டி
கண்ணை மூடும் எங்கள் காளை
மாவின் கீழே தூங்கும் வேளை

வண்டியையும் காளையையும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். இது தன் பாட்டுத்தான் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டுமே. முதல் வரியில் சொல் இரட்டிப்பதும், முதல் இரண்டு வரி 'வண்டி'யில் முடிவதும் அப்படியே இருக்கின்றன. கிட்ட, எட்டி என்ற எதுகை போய், பெண்ணை, கண்ணை என்று ஒரு வரி மேலே ஏறியிருக்கிறது. போச்சம்பள்ளியை எடுத்தது எனக்கும் வருத்தம்தான். ச்ச தடுக்கிறது, என்ன செய்ய. தென்பெண்ணை கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்நியமில்லை, மாமரமும் அப்படியே. 'கொட்டு தாளம்' என்ற கட்டளையை வேறு எதுவும் வைத்து ஈடுகட்டவில்லை. இதைச் செய், அதைப் பார் என்று சொன்னால் குழந்தை எழுந்து உட்காரும்.

வேகத்தைத் தூளியிடம் விட்டுவிடுங்கள். விட்டத்திலிருந்து ஐந்தடி இறங்கித் தொங்கும் சேலைத் தூளி ஒருமுறை போய்வர ஏறத்தாழ இரண்டரை வினாடி ஆகும். இது நீளத்தைப் பொறுத்தது. குழந்தை எடை கூடினாலும் பெரிதாக மாறாது. போகும்போது ஒரு சீர், வரும்போது ஒரு சீர் என்று வைத்தால் ஒரு வரிக்கு இரண்டு ஆட்டம், ஐந்து வினாடி. பகலில் கைதட்டிப் பாடும்போது ஒரு வரி இரண்டு வினாடியில் ஓடிவிடும், இல்லையா? அதே நான்கு சீர் இப்போது இரண்டரை மடங்கு நிதானமாகிவிட்டது. முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் கை தூளியைத் தள்ள வேண்டும். தூளியைத் தாழக் கட்டாமல் மூன்றடியில் கட்டியிருந்தால் ஆட்டம் இரண்டு வினாடிக்குள் முடியும். பாட்டும் அதற்கேற்பக் கொஞ்சம் வேகமாகும். தூளியோடு போட்டி போட்டு இன்னும் மெதுவாகப் பாட முயன்றால், தள்ளும் கையும் பாடும் வாயும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

கடைசியாக ஆராரோ. பெரும்பாலோர் பாட்டின் முடிவில் 'ஆராரோ ஆரிரரோ' என்று போட்டுவிடுவார்கள். அது இந்த மெட்டில் உட்காராது. ஆ-ரா-ரோ மூன்றசை, ஆ-ரிர-ரோ மூன்றசை. நமக்கு வேண்டியதோ ஈரசை. 'ஆரோ ஆரோ ஆரா ரோரோ' என்று வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாட்டி யாராவது இருந்து, தெலுங்கிலோ கன்னடத்திலோ 'ஜோஜோ' என்று ஆட்டுபவராக இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை. ஜோ-ஜோ சுத்தமான தேமா. நான்கு முறை சொன்னால் ஒரு வரி.