லாஸ் 0.025, ஆனால் எழுதுவதெல்லாம் குப்பை: கோளாறு பொசிஷனிலா, மாஸ்க்கிலா?

கேள்வி: சார், இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகத் தமிழ்க் கதைகளை வைத்து ஒரு சின்ன ஜிபிடி செய்கிறேன். 4 லேயர், 128 எழுத்து நீளம். அடிப்படைப் புரோகிராம் கோடு ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. லாஸ் 0.025 வரை இறங்குகிறது, வேலிடேஷனிலும் அதேதான். ஆனால் எழுதச் சொன்னால் ‘ததததத’ என்று குப்பையாக வருகிறது. பொசிஷன் எம்பெடிங்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன், லாஸ் 1.9இல் நின்றுவிட்டது. அதனால் கோளாறு பொசிஷனில்தான், ரோப் என்ற வேறு பொசிஷன் முறையைப் போட வேண்டும், அதற்குத் தனியாக 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? மாஸ்க் வரியையும் கீழே அனுப்பியிருக்கிறேன்.

```python
mask = torch.tril(torch.ones(T, T), diagonal=1)
att = att.masked_fill(mask == 0, float('-inf'))
```

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய முதல் வரியில் இருக்கும் `diagonal=1` என்பதை அழித்தால் போதும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. பொசிஷன் எம்பெடிங் பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

‘அவசரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மாடலுக்குள் போவது அ, வ, ச, ர. அது சொல்ல வேண்டிய விடை ஓர் எழுத்து தள்ளி வ, ச, ர, ம. ‘அ’ இருக்கும் இடத்தில் ‘வ’ என்று சொல்ல வேண்டும், ‘வ’ இருக்கும் இடத்தில் ‘ச’ என்று. நான்கு இடங்களுக்கும் ஒரே ஓட்டத்தில் கணக்குப் போடுவதால், எந்த இடமும் தனக்கு வலப்பக்கம் இருப்பதைப் பார்க்கக் கூடாது. அதைத் தடுப்பதுதான் மாஸ்க்கின் ஒரே வேலை. இடப்பக்கம் இருப்பது சரியான மாஸ்க், வலப்பக்கம் இருப்பது உங்களுடையது:

```
1 0 0 0      1 1 0 0
1 1 0 0      1 1 1 0
1 1 1 0      1 1 1 1
1 1 1 1      1 1 1 1
```

உங்கள் முதல் வரிசையைப் பாருங்கள். ‘அ’வின் இடத்திலிருந்து ‘வ’ தெரிகிறது. அது சொல்ல வேண்டிய விடையே ‘வ’தான். ஒவ்வொரு வரிசையிலும் கூடுதலாகத் திறந்திருக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான் விடை உட்கார்ந்திருக்கிறது. மாடல் தமிழ் கற்றுக்கொள்ளவில்லை, பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டது. வேலிடேஷனிலும் அதே மாஸ்க் ஓடுவதால் அங்கேயும் அதே காப்பிதான். வேலிடேஷன் லாஸும் சேர்ந்து இறங்குவதால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ஓவர்ஃபிட்டிங் இல்லை என்பதற்குத்தான் அது சாட்சி, விடை கசியவில்லை என்பதற்கு இல்லை.

இந்தத் தவறு எப்படி நுழைகிறது என்பதும் தெரிந்த கதைதான். மேல் முக்கோணத்தை அடைக்கிற `torch.triu` முறையில் `diagonal=1` போடுவதுதான் சரி. கீழ் முக்கோணத்தைத் திறக்கிற `torch.tril` முறையில் எதுவும் போடக் கூடாது. யாரோ ஒரு கோடிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பாதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சரி, லாஸ் ஏன் பூஜ்யத்துக்கே போகாமல் 0.025இல் நின்றது? கடைசி வரிசையைப் பாருங்கள். ‘ர’வுக்கு விடை ‘ம’. அந்த ‘ம’ உள்ளே போன நான்கில் இல்லவே இல்லை, காப்பியடிக்க வழியில்லை. உங்கள் 128 இடங்களில் 127 காப்பி, ஒன்று மட்டும் நேர்மை. 0.025ஐ 128ஆல் பெருக்கினால் 3.2 வருகிறது. உங்கள் கதைகளில் 70 வகை எழுத்துகள் இருக்கின்றன என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவற்றில் ஒன்றைச் சொன்னால் லாஸ் ln 70, அதாவது 4.25. எந்த எழுத்து அதிகம் வரும் என்பது மட்டும் தெரிந்தவருக்கும் ஏறக்குறைய 3.2தான் கிடைக்கும். உங்கள் மாடலின் உண்மையான தமிழ் அறிவு அவ்வளவே. புதிதாக எழுதச் சொல்லும்போது எப்போதும் வரிசையின் கடைசி இடத்திலிருந்துதான் அடுத்த எழுத்து வருகிறது. அங்கே பார்த்து எழுத ஒன்றும் இல்லை. அதனால்தான் ‘ததததத’.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். 16 எழுத்துகளை உள்ளே கொடுங்கள். பிறகு எண் 10இல் உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி கொடுங்கள். `V` என்பது மாடலுக்குத் தெரிந்த எழுத்து வகைகளின் எண்ணிக்கை. மாடல் வெறும் லாஜிட்டை மட்டும் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். லாஸையும் சேர்த்துத் தந்தால் `model(a)[0]` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

```python
model.eval()
a = torch.randint(0, V, (1, 16))
b = a.clone()
b[0, 10] = (b[0, 10] + 1) % V
with torch.no_grad():
    d = (model(a) - model(b)).abs().amax(-1)[0]
print(d)
```

0 முதல் 9 வரை பூஜ்யமாகவோ அல்லது 1e-6 போல ஒரு தூசாகவோ இருக்க வேண்டும். 10லிருந்து மாற்றம் தெரிய வேண்டும். உங்கள் மாடலில் 6, 7, 8, 9 ஆகிய இடங்களிலும் எண்கள் ஆடும். ஒரு லேயருக்கு ஓர் இடம் என்று கசிவு பின்னோக்கி வருகிறது, உங்களுக்கு 4 லேயர். `model.eval()` வரியை மறந்தால் டிராப்அவுட்டினால் எல்லா இடமும் ஆடும், வீணாகக் குழம்பிப் போவீர்கள்.

இனி பொசிஷனை எடுத்ததும் லாஸ் ஏன் ஏறியது என்று பார்ப்போம். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து எழுத வேண்டுமென்றால், எது பக்கத்துக் கட்டம் என்று தெரிய வேண்டும். அட்டென்ஷனுக்குத் தானாக வரிசை தெரியாது. ‘அவசரம்’ என்றாலும் ‘சவஅரம்’ என்றாலும் அதற்கு அதே எழுத்துகளின் மூட்டைதான். பொசிஷன் எம்பெடிங் இருந்தபோது ‘எனக்கு அடுத்த எண்ணைப் பார்’ என்று எளிதாகக் கற்றுக்கொண்டது. எடுத்ததும் திருடுவது கடினமாகிவிட்டது, லாஸ் ஏறியது. உங்கள் சென்டர்காரர் இதைத் தலைகீழாகப் படித்து 6,000 ரூபாய்க்கு விலை போட்டிருக்கிறார். ரோப் போட்டாலும் அதே மாஸ்க் இருக்கும்வரை அதே திருட்டு நடக்கும். கசிவுக்கு ரோப் மருந்தே கிடையாது.

128 நீளத்துக்கு இப்போது இருக்கும் சாதாரண அட்டவணையே போதும், அதாவது `nn.Embedding(128, d)`. அகலம் 192 என்றால் 24,576 எண்கள்தான். ஜிபிடி-2 கூட 1,024 நீளத்துக்கு இப்படித்தான் கற்றுக்கொண்டது. 2017இல் டிரான்ஸ்ஃபார்மரை அறிமுகப்படுத்திய கட்டுரையில் சைன், கொசைன் அலைகளையும் இந்த அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எழுதிவிட்டார்கள். அட்டவணைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: 129ஆவது இடம் அதில் கிடையாது. எழுத வைக்கும்போது கடைசி 128ஐ மட்டும் வெட்டி, `idx[:, -128:]` என்று கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய கோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வியாபாரத்தில் விற்பனைக்கு வைப்பது லாஸ் வரைபடத்தைத்தான். வரைபடம் சரிவாக இறங்கினால் வாங்குகிறவருக்கும் திருப்தி, ரிவ்யூவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கும் திருப்தி. கசியும் மாடலைப் போல அழகாக இறங்கும் வரைபடம் வேறு எதற்கும் வராது! எழுத்து எழுத்தாகப் பயிற்றுவித்த மாடலில் லாஸ் 0.1க்குக் கீழே போனால் அந்த அறையில் இருக்கும் ஒருவராவது சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஸ்லைடில் ‘அக்யூரசி 99%’ இருக்கிறதா என்று பார்க்கிற ரிவ்யூவில் அதை எப்படி எதிர்பார்ப்பது? இனி யாரிடம் வாங்கினாலும் மேலே உள்ள சோதனையை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது ஒரு நொடி வேலை. முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பைடார்ச்சும் இந்த விஷயத்தில் சாமானியருக்கு உதவுவதில்லை. `F.scaled_dot_product_attention` என்பதற்குக் கொடுக்கும் பூலியன் மாஸ்க்கில் `True` என்றால் ‘பார்க்கலாம்’. `nn.MultiheadAttention` என்பதன் `attn_mask`இல் அதே `True` என்றால் ‘பார்க்கக் கூடாது’. ஒரே நூலகத்துக்குள் இரண்டு சட்டம்! ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றில் ஒட்டினால் கடந்த காலம் அடைபட்டு எதிர்காலம் திறந்துகொள்ளும்.

மாஸ்க் போடவே கூடாத ஓர் இடம் உண்டு. நீங்கள் வாங்கிய கோடில் அது இருக்க வாய்ப்பு உள்ளதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேகத்துக்காகச் சிலர், எழுத வைக்கும்போது பழைய எழுத்துகளின் கீ, வேல்யூக்களைக் கேஷில் சேமித்துவைத்து, புதிய எழுத்தை மட்டும் உள்ளே அனுப்புவார்கள். அப்போது பார்க்கிற எழுத்து ஒன்றுதான், பார்க்க வேண்டியவை பத்து என்று வையுங்கள். பத்துமே கடந்த காலம், மறைக்க ஒன்றும் இல்லை. அங்கேயும் பழக்கதோஷத்தில் `is_causal=True` என்று விட்டுவிட்டால், பைடார்ச் முக்கோணத்தை மேல் இடது மூலையிலிருந்து வரையும். உங்கள் பத்தாவது எழுத்துக்கு முதல் எழுத்து மட்டும்தான் தெரியும். எர்ரர் எதுவும் வராது, எழுத்து மட்டும் கெட்டுப்போகும். அங்கே `is_causal=(q.size(2) > 1)` என்று வையுங்கள். பொசிஷன் எண்ணையும் கவனியுங்கள்: தனியாகப் போவதால் அதற்கு 0 என்று கொடுத்துவிடுவார்கள், முதல் எழுத்தை 0 என்று எண்ணினால் பத்தாவதுக்கு 9 கொடுக்க வேண்டும். அப்புறம், 128ஐத் தாண்டி ஜன்னல் நகர்ந்ததும் அட்டவணைப்படி ஒவ்வொரு எழுத்தின் எண்ணும் ஒன்று குறைந்துவிடுகிறது. பழைய எண்ணுடன் கேஷில் கிடப்பது செல்லாது, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும். இவ்வளவு தலைவலி 128 நீளத்துக்குத் தேவையே இல்லை. கேஷை நீக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் முழு வரிசையையும் ஓட்டுங்கள். உங்கள் மாடல் அளவுக்கு அந்த நேர வித்தியாசம் பெரிதாக இருக்காது.

மாஸ்க்கைத் திருத்தியபின் பழைய எடைகளிலிருந்து தொடர வேண்டாம், முதலிலிருந்து பயிற்றுவியுங்கள். லாஸ் 4.25க்கு அருகே தொடங்கி மெதுவாக இறங்கும். ஒப்பிட ஒரு கணக்கு: ஆந்த்ரே கர்பாத்தியின் nanoGPTயில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுத்து எழுத்தாகக் கற்கும் 6 லேயர் மாடலுக்குச் சிறந்த வேலிடேஷன் லாஸ் 1.47. தமிழில் புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறிகளாக வருவதால் உங்கள் எண் அதோடு பொருந்தாது, ஆனால் 0.025 பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. 2க்குக் கீழே வந்து, எழுதியதில் ‘அவன்’, ‘வந்து’ போன்ற சொற்கள் தலைகாட்டினால் மாடல் ஒழுங்காகக் கற்கிறது என்று பொருள். ரிவ்யூவில் அந்த வரைபடத்தையே வையுங்கள், பக்கத்தில் `d` வரிசையையும் ஒட்டுங்கள்.