ஆயாவின் ‘அது வந்து’

*வணக்கம். எங்கள் ஆயா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். அவர் அக்கம்பக்கத்தாரோடு பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, குடும்பத்துக்குள் ஒரு சின்னப் புத்தகமாகப் போடப் போகிறேன். வரிக்கு வரி ‘அது வந்து’, ‘இருக்குல்ல’, ‘அதான்’ என்று வருகிறது. எல்லாம் வெறும் அடைசல், எடுத்துவிடு என்கிறாள் தோழி. எடுத்துவிடலாமா? ஆயா பள்ளிக்கூடம் போகாததால் இப்படிப் பேசுகிறாரா? என் ஆபீசில் ‘லைக்’, ‘யூ நோ’ என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? ஒரு துண்டைக் கீழே தந்திருக்கிறேன். ஒலியும் இணைப்பில் இருக்கிறது.*

*அண்ணன்: ஆயா, நாளிக்கு வெடிகாலைல ஏலத்துக்கு என்னோட வர்றியா?*
*ஆயா: அது வந்து... நாளிக்கு பேத்திக்கு...*
*அண்ணன்: சரி ஆயா, வுடு, நா பாத்துக்கறேன்.*
*ஆயா: இல்லப்பா, பேத்திக்கு ஃபீஸ் கட்ட போணும், அதான்.*

*மேகலா, ராயபுரம்*

அன்புள்ள மேகலா,

கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்த விஷயத்தை உங்கள் ஆயா நாலே வரியில் பேசி அனுப்பிவிட்டார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை இதற்குள் இழுக்காதீர்கள். பட்டம் வாங்கிய ஆங்கிலேயரும் பதிலுக்கு முன்னால் ‘வெல்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுத்தான் பேசுகிறார். ஆயா என்றால் உடனே படிப்பில்லாததுதான் காரணம் என்று தோன்றுகிறதே, அந்த நினைப்பை இந்தப் புத்தகத்தின் பக்கமே அண்டவிடாதீர்கள். ஆபீஸ் ‘லைக்’கை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

உங்கள் ஒலித்துண்டை Praat என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். ‘வர்றியா’ முடிந்து ஆயா வாய் திறப்பதற்குள் 0.9 விநாடி போகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து மொழிகளில் ஆம்-இல்லைக் கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தார்கள். மொத்தச் சராசரி ஏறத்தாழ 0.2 விநாடி. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், ஒற்றைச் சொல் வாய்க்கு வரவே 0.6 விநாடி ஆகும். அப்படியென்றால் கேள்வி முடிவதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அதனால்தான் 0.9 விநாடி மௌனம் கேட்டவர் காதில் உறைக்கிறது. ‘வர்றேன்’ என்பது பதிலாக இருந்தால் இந்நேரம் வந்திருக்கும்.

அந்த மௌனத்துக்குப் பிறகு வருகிறது ‘அது வந்து’. நீங்கள் கேட்டதற்கு ‘வர்றேன்’, ‘வர்ல’ என்ற இரண்டில் ஒன்றை நேராகச் சொல்லப் போவதில்லை, வேறு சேதி இருக்கிறது என்ற முன்னறிவிப்பு அது. அமெரிக்க மொழியியலாளர் டெபோரா ஷிஃப்ரின் ஃபிலடெல்ஃபியாவில் அக்கம்பக்கத்தார் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார். ‘வெல்’ பற்றி அவர் கண்டதும் இதுதான். கேள்வி காட்டுகிற வழிக்குள் பதில் அடங்காதபோது ‘வெல்’ முன்னால் வந்து நிற்கிறது.

இப்போது அண்ணனைப் பாருங்கள். ஆயா ‘வரமாட்டேன்’ என்று சொல்லவே இல்லை. காரணமும் பாதியில் நிற்கிறது. அதற்குள் அவர் ‘சரி ஆயா, வுடு’ என்கிறார். ஒலியில் அவருடைய ‘சரி’, ஆயாவின் ‘பேத்திக்கு’ மேலேயே விழுகிறது. எதை வைத்துப் புரிந்துகொண்டார்? மௌனத்தையும் ‘அது வந்து’வையும் வைத்துத்தான். பெரியவர் வாயால் ‘முடியாது’ என்று சொல்ல வைக்கக் கூடாதென்று முந்திக்கொண்டு வழிவிடுகிறார். தோழி சொன்னபடி ‘அது வந்து’வை எடுத்துவிட்டு வாசியுங்கள். ‘நாளிக்கு பேத்திக்கு...’ என்று ஆயா ஏதோ சொல்ல வர, அண்ணன் பட்டென்று வெட்டிவிட்டது போல இருக்கும். எடுத்தது ஆயாவின் சொல். கெட்டது அண்ணனின் பெயர். பேச்சைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்காருகிற எல்லோரிடமும் நான் சண்டை போடுவது இதற்காகத்தான். ஒருவர் வரியில் கை வைத்தால் சேதாரம் அடுத்தவர் வரியில் தெரியும். உங்கள் தோழி ஆயாவின் வரிகளை மட்டும் பார்த்திருக்கிறார்.

அடுத்த வரியின் ‘இல்லப்பா’வும் இதே போலத்தான். ஆயா அங்கே எதையும் மறுக்கவில்லை. அண்ணன் பேச்சை முடித்துவிட்டார். ஆயாவுக்கோ காரணத்தைச் சொல்லியாக வேண்டும். மூடிய பேச்சைத் திரும்பத் திறக்க ‘இல்ல’, மனத்தாங்கல் இல்லை என்று காட்ட ‘ப்பா’. கடைசி ‘அதான்’ காரணம் முடிந்தது, இனி நீ பேசலாம் என்கிறது.

எல்லா ‘வந்து’வும் ஒன்றல்ல. ‘இந்தக் கூடை வந்து வஞ்சிரம், அந்தக் கூடை வந்து சங்கரா’ என்று ஆயா சொன்னால் அங்கே தயக்கமே கிடையாது. தமிழில் இரண்டு பெயர்ச்சொல் அடுத்தடுத்து நின்றாலே வாக்கியம் ஆகிவிடும். எதைப் பற்றிப் பேச்சு, அதைப் பற்றிச் சொல்வது என்ன என்று நடுவில் பிரித்துக் காட்டுகிறது இந்த ‘வந்து’. முன்சொல்லோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். சொல் தேடும்போது வருவது வேறு. அதற்கு முன்னால் இடைவெளி இருக்கும், கடைசி உயிர் இழுபடும்: ‘அந்த... வந்தூ... அவன் பேரு இன்னா...’ காதால் கேட்டாலே பிரித்துவிடலாம். தட்டச்சு செய்ததை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

‘இருக்குல்ல’தான் ‘யூ நோ’வுக்குப் பக்கத்தில் வருவது. ‘கல்மண்டபத்தாண்ட பழைய டீக்கட இருக்குல்ல’ என்று சொல்லிவிட்டு ஆயா நிறுத்துவார். எதிரில் இருப்பவர் ‘ஆங்’ சொன்ன பிறகுதான் கதை நகரும். ‘ஆங்’ வராவிட்டால் ‘அதாம்பா, அந்த முட்டுசந்துல’ என்று இன்னொரு அடையாளம் கொடுப்பார். பதிவில் இப்படி இரண்டு மூன்று அடையாளம் அடுக்கடுக்காக வந்தால், ஆயா வளவளவென்று பேசுவதாக நினைக்காதீர்கள். எதிரில் இருந்தவர் தலையாட்டவில்லை என்று அர்த்தம். கேட்டவர் நீங்களாகவே இருந்தால் உங்கள் ‘ஆங்’குகளையும் எழுதுங்கள். பேட்டி எடுப்பவர்கள் முதலில் வெட்டுவது அவற்றைத்தான்.

வேலைக்கு வருவோம். எழுத்தாக்கத்தில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதியில் எதையும் நீக்காதீர்கள். மௌனத்தை விநாடியில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்: (0.9). ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழுகிற இடத்தில் இரு வரியிலும் சதுர அடைப்பைத் திறங்கள்.

ஆயா: (0.9) அது வந்து... நாளிக்கு [பேத்திக்கு
அண்ணன்: [சரி ஆயா, வுடு, நா பாத்துக்கறேன்.

இரண்டாவது பிரதி புத்தகத்துக்கு. அதில் சொல் தேடும் ‘வந்தூ’க்களைக் குறைக்கலாம், ஒரே மூச்சில் மூன்று வந்தால் ஒன்று போதும். கூடை ‘வந்து’வைத் தொடாதீர்கள். பதிலின் தொடக்கத்தில் வருகிற ‘அது வந்து’, ‘இல்ல’ இரண்டையும் அப்படியே விடுங்கள். எதை நீக்கினாலும் அதற்கு அடுத்த ஆளின் வரியை வாய்விட்டு வாசியுங்கள். அவர் திடீரென்று முரடராகவோ மந்தமாகவோ தெரிந்தால், நீக்கியதைத் திரும்ப வையுங்கள்.

ஒலிக்கோப்பை மட்டும் வெட்டாமல் அப்படியே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். இரைச்சலை நீக்குகிற வசதியைப் பதிவின்போதே போட்டுவைத்தால் சில கருவிகள் சன்னமான ‘ம்’களையும் சேர்த்து விழுங்கிவிடும். அடுத்த முறை ஆயாவிடம் உட்காரும்போது அதை அணைத்துவிடுங்கள்.