போனில் இருக்கும் படத்துக்குச் சாவி யாரிடம்?

"டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வரும்போது, வழியில் பார்க்க ஒரு ஓ.டி.டி. செயலியில் ஆறு தமிழ்ப் படங்களை டவுன்லோடு செய்துகொண்டேன். விமானத்தில் ஓடின. இங்கே வந்து வைஃபை போட்டதும் நான்கு படங்கள் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்கின்றன. சந்தா கட்டியிருக்கிறேன், படமும் என் போனில்தான் இருக்கிறது, பிறகு எப்படி? 500 ரூபாய் கொடுத்தால் சரிசெய்து தருவதாகத் தெரிந்த கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?" — தஞ்சாவூர் வாசகர்

500 ரூபாயைக் கொடுக்காதீர்கள் ஐயா. காரணத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் கையை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் போனில் இருப்பது பூட்டிய பெட்டி. அதோடு ஒரு சின்ன அனுமதிச் சீட்டும் வந்திருக்கிறது, அதுதான் சாவி. எத்தனை நாள் வைத்திருக்கலாம், பிளே அழுத்திய பிறகு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். பெட்டி உங்களிடம் இருந்தாலும், சீட்டைக் கொடுப்பதும் திரும்ப வாங்கிக்கொள்வதும் நிறுவனத்தின் சர்வர். விமானத்தில் இணையம் இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று செயலிக்குத் தெரியாது, பழைய சீட்டை வைத்தே ஓட்டியது. மகள் வீட்டு வைஃபையில் இணைந்ததும் செயலி சர்வரோடு பேசியிருக்கிறது. உங்கள் இணைய முகவரி கனடா என்றது. நீங்கள் எந்த ஊர் கார்டில் பணம் கட்டினீர்கள் என்பது அந்த இடத்தில் கணக்கில் வராது.

சரி, கனடா என்றால் என்ன குறை? அது படத்தை விற்ற விதத்தில் இருக்கிறது. தமிழ் சினிமாக்காரர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை முழுதாக ஒருவருக்கே விற்பதில்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி. ஒருவருக்கு, கோவை இன்னொருவருக்கு, வெளிநாடும் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்த எஃப்.எம்.எஸ். மற்றொருவருக்கு என்று தியேட்டருக்குப் பிரித்து விற்றுப் பழகியவர்கள். ஓ.டி.டி. வந்தபோதும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒப்பந்தத்தில் 'டெரிட்டரி' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'உலகம் முழுவதும்' என்று இருந்தால் படம் டொராண்டோவிலும் ஓடும். உங்கள் ஆறில் ஓடுகிற இரண்டும் அப்படிப்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும். 'இந்தியா மட்டும்' என்று இருந்தால், கனடா உரிமை வேறொருவர் கையில் இருக்கும், அல்லது விற்காமலே கிடக்கும். அங்கே உங்களுக்குப் படம் காட்டினால் ஒப்பந்தத்தை மீறியவர் உங்கள் ஓ.டி.டி.காரர்தான். நீங்கள் கட்டிய சந்தா அவர் கையில் இருக்கும் உரிமைக்கு மட்டுமான கூலி.

டவுன்லோடு செய்ய விடுவது தனி உரிமை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில படங்களைப் பார்க்க முடியும், டவுன்லோடு பொத்தான் மட்டும் இருக்காது. அது பெரும்பாலும் செயலியின் கோளாறு இல்லை, அந்த உரிமையை வாங்கவில்லை என்று அர்த்தம்.

பழைய படங்கள் என்றால் கதை இன்னும் மோசம். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19-இன் படி, 1995 மே மாதத்துக்குப் பிறகு எழுதிய பத்திரத்தில் எந்தப் பகுதிக்கு என்று எழுதாமல் உரிமையைக் கொடுத்தால் அது இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ள வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம். அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. படத்தின் மூல உரிமையைச் சொல்லும் அந்தக் காலத்து நெகட்டிவ் உரிமைப் பத்திரங்களை நான் நிறையப் புரட்டியிருக்கிறேன். ஒரே படத்தின் வெளிநாட்டு உரிமையை ஒரு தரகர் இரண்டு பேரிடம் விற்று, இரண்டு பேரும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் உண்டு. இப்படிச் சிக்கல் இருக்கிற படத்தை எந்த நிறுவனம் துணிந்து வெளிநாட்டில் காட்டும்? இந்தியாவுக்கு வெளியே பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

'ஐரோப்பாவில் அப்படி இல்லையே, என் தம்பி ஜெர்மனிச் சந்தாவை இத்தாலியில் பார்க்கிறானே' என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். 2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டில் குடியிருந்து பணம் கட்டிச் சந்தா வைத்திருப்பவர், தற்காலிகமாக இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போனால், ஊரில் கிடைத்ததை அங்கேயும் கொடுத்தாக வேண்டும். இதற்காக அவர்கள் ஒப்பந்தங்களைத் திருத்தவில்லை. அவர் இத்தாலியில் உட்கார்ந்து பார்த்தாலும், சட்டத்தின் கண்ணில் ஜெர்மனியில் பார்த்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இலவசச் சேவைகளுக்கு இது கட்டாயம் இல்லை. அங்கேயே குடியேறிவிட்டால் பொருந்தாது. பிரிட்டன் 2021 தொடக்கத்திலிருந்து இதில் இல்லை. தஞ்சாவூரில் சந்தா கட்டியவர் பாரிஸ் போனால் அவருக்கும் இது கிடையாது, கனடாவுக்குப் போன உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். இருந்தும் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், மனம் வைத்தால் ஒரு வரியில் தீர்க்கக்கூடிய விஷயம் இது என்பதால்தான். நம் பக்கம் யாரும் அந்த வரியை எழுதுவதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த 500 ரூபாய். அவர் போட்டுத் தரப்போவது அநேகமாக ஒரு வி.பி.என். உங்களை இந்தியாவில் இருப்பதாகக் காட்டும். பெரிய ஓ.டி.டி.கள் வி.பி.என். முகவரிகளைப் பட்டியல் போட்டுத் தடுக்கின்றன. இன்று ஓடியது நாளை நிற்கும், அப்போது அந்தக் கடைக்காரர் போனை எடுக்க மாட்டார். இதைவிட மோசமான வகை 'எல்லா நாட்டுப் படமும் வரும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு. அதை ஏற்றும்போது குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்டால் உடனே நிறுத்துங்கள். படம் காட்டுகிறவனுக்கு உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு? வங்கி ஓ.டி.பி. அங்கேதானே வருகிறது. இன்னொரு வகை, பாதி விலைக்குப் பிறர் கணக்கின் பாஸ்வேர்டைத் தருவது. உண்மையான உரிமையாளர் பாஸ்வேர்டை மாற்றும்வரைதான் அதற்கு ஆயுள்.

உங்கள் நான்கு படங்களுக்கு வருவோம். நான்கிலும் அதே வாசகம்தானா என்று மறுபடி பாருங்கள். ஏதாவது ஒன்றில் 'காலாவதி' என்று இருந்தால் அது வேறு விஷயம். சில படங்களுக்கு முதல்முறை பிளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரம்தான் கெடு. விமானத்தில் பாதி பார்த்து நிறுத்தியது அதில் மாட்டியிருக்கலாம். பகுதி என்று சொல்கிற படங்களைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், கனடாவிலிருந்து அவற்றைத் திரும்ப டவுன்லோடு செய்ய முடியாது. ஊருக்குத் திரும்பி இங்குள்ள இணையத்தில் ஒருமுறை செயலியைத் திறந்தால் சாவி திரும்பக் கிடைத்துவிடும், பெரும்பாலும்.

அதுவரை காத்திருக்க முடியாதென்றால், அதே பெயர்களை மகளின் கணக்கில் அங்குள்ள மற்ற ஓ.டி.டி.களில் தேடச் சொல்லுங்கள். கனடா உரிமையை யாராவது வாங்கியிருந்தால் எங்காவது ஏற்றியிருப்பார். சில நேரம் யூடியூபிலேயே வாடகைக்கு இருக்கும்.

அடுத்த பயணத்தில், டவுன்லோடு செய்த படத்தைப் பார்த்து முடிக்கும்வரை போனை ஏரோப்ளேன் மோடிலேயே வைத்திருங்கள். பேரப்பிள்ளைகள் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுத் தருகிறேன் என்று ஓடி வருவார்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள். டவுன்லோடு பொத்தானுக்குப் பக்கத்தில் 'இந்தியாவில் மட்டும்' என்று இரண்டு வார்த்தை போட்டிருந்தால் இந்தப் பாடு யாருக்கும் வேண்டியதில்லை. அந்த விவரம் அவர்கள் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் உங்களை எப்படித் தடுத்தார்கள்?