வியட்நாமியப் பள்ளிக்கு ஒரு விடுப்புக் கடிதம்

கேள்வி: கணவரின் வேலைக்காக ஹோ சி மின் நகரத்தில் குடியிருக்கிறோம். மகன் இங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை காலையில் மருத்துவரிடம் காட்டியபோது கை, கால், வாய் நோய் என்றார். வகுப்பு ஆசிரியைக்கு அலைபேசியில் செய்தி அனுப்பிவிட்டேன். அவரோ கடிதமும் வேண்டும் என்கிறார். வியட்நாமிய மொழியில் எழுதித் தரத் தோழி ஒருவர் இருக்கிறார். ஆனால் என்ன எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. நம் ஊரில் எழுதுவதுபோல, ‘உடல்நிலை சரியில்லை, சில நாள் விடுப்புத் தாருங்கள்’ என்று இரண்டு வரி எழுதினால் போதாதா?
— ஒரு தாய், ஹோ சி மின் நகரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, சாதாரணச் சளிக் காய்ச்சலாக இருந்தால் அந்த இரண்டு வரியே போதும், ஆசிரியை ஒருவேளை கடிதமே கேட்டிருக்க மாட்டார். அவர் கேட்பதற்குக் காரணம் நோயின் பெயர். வியட்நாமில் ‘தை சன் மியெங்’ என்று சொல்லப்படும் இந்த நோயை அங்குள்ள ஆசிரியர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2011ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்நோயால் பாதிக்கப்பட்டார்கள்; நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். தென் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் முதல் மே வரையிலும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும், இது தலைதூக்குகிறது. உங்கள் மகனுக்கு வந்திருப்பது அந்த இரண்டாவது பருவத்தில். ஆகவே உங்கள் கடிதத்தை ஆசிரியை அனுமதி கேட்கும் தாளாக மட்டும் பார்க்கமாட்டார். வகுப்பில் யாருக்கு, எந்தத் தேதியில் நோய் தொடங்கியது என்பதற்கு அதுவே அவருடைய பதிவு. அந்தப் பதிவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் கடிதத்தை எழுத வேண்டும்.

முதலில் மேற்பகுதி. வியட்நாமில் ஒரு குடிமகன் அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ எழுதும் எந்த விண்ணப்பமும் நாட்டின் பெயரோடுதான் தொடங்கும். தாளின் உச்சியில், நடுவில், பெரிய எழுத்துகளில் ‘வியட்நாம் சோசலிசக் குடியரசு’ என்ற வரி. அதற்கு நேர் கீழே ‘சுதந்திரம் – விடுதலை – மகிழ்ச்சி’ என்ற மூன்று சொற்கள், இடையில் சிறு கோடுகளோடு. அதன் கீழே, அந்த வரியின் நீளத்துக்கே, ஒரு கிடைக்கோடு. ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்கு இவ்வளவு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பள்ளி நாளிலிருந்தே இப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறார்கள். இவ்விரு வரிகளும் இல்லாத தாள் அவர்கள் கண்ணுக்கு விண்ணப்பமாகவே படாது. உங்கள் தோழிக்கு இது கைவந்த பழக்கமாக இருக்கும் என்பதால் இந்தப் பகுதியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

யாருக்கு எழுதுவது என்பதில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. ஓரிரு நாள் விடுப்பென்றால் வகுப்பு ஆசிரியைக்கு மட்டும் எழுதினால் போதும். ஒரு வாரத்தைத் தொடும் விடுப்புக்கு, அதுவும் தொற்றுநோய்க்கு, பள்ளி நிர்வாகத்தின் பெயரை முதலிலும் ஆசிரியையின் பெயரை அடுத்தும் எழுதுவது நல்லது. ஆசிரியையை ‘கோ’ என்ற மரியாதைச் சொல்லோடு அவருடைய பெயரைச் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். வியட்நாமியப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும், அழைக்கும் பெயர் கடைசியில் வரும். மரியாதைக்காகக் குடும்பப் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. கடைசிப் பெயரைச் சொல்வதே முறை. இதே காரணத்தால் உங்கள் மகன் பெயரிலும் கவனம் தேவை. கடவுச்சீட்டில் அவன் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் இருந்தால், பள்ளியில் அவனைத் தந்தையின் பெயரால் அழைத்துக்கொண்டிருக்கக்கூடும். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கடிதத்தில் எழுதினால் அலுவலகத்தில் யாருடைய பிள்ளை என்று தேட நேரும். வருகைப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முழுப் பெயரையும் வகுப்பையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள்.

இனி, எல்லோரும் தடுமாறும் இடமான தேதிக் கணக்குக்கு வருகிறேன். வியட்நாம் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி, இந்நோய் வந்த பிள்ளை நோய் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 10 நாள் வகுப்புக்கு வரக்கூடாது. அதற்குப் பிறகும் வாய்ப்புண்ணும் கொப்புளங்களும் ஆறியிருந்தால்தான் வரலாம். கணக்கு தொடங்குவது மருத்துவரிடம் போன நாளிலிருந்து அல்ல, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து. உங்கள் மகனுக்கு அக்டோபர் 5 முதல் நாளானால் 14ஆம் தேதி திங்கட்கிழமை பத்தாவது நாள். அவன் பள்ளிக்குத் திரும்பக்கூடிய முதல் நாள் 15, செவ்வாய்க்கிழமை. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு என்றால் அவனுக்கு உண்மையில் தவறுவது ஆறு பள்ளி நாள்தான்.

இதை எழுதும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. ‘7 முதல் 14 வரை’ என்று மட்டும் எழுதினால், 14 அன்று பிள்ளை வருவானா மாட்டானா என்ற ஐயம் ஆசிரியைக்கு வரும். ‘14ஆம் தேதி முடிய’ என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கென்றே ஒரு வழக்கமான தொடர் அவர்கள் மொழியில் இருக்கிறது, தோழிக்குத் தெரியும். இரண்டாவது, கிழமை. வியட்நாமியர் ஞாயிறு தவிர மற்றக் கிழமைகளை எண்ணால் குறிப்பிடுகிறார்கள், அதில் திங்கட்கிழமைதான் ‘இரண்டாம் நாள்’. ‘மூன்றாம் நாள் வருவான்’ என்று நீங்கள் புதன்கிழமையை நினைத்துச் சொன்னால் அவர்கள் செவ்வாய்க்கிழமை காத்திருப்பார்கள். கிழமையோடு தேதியையும் மாதத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

காரணம் எழுதும் பத்தியில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். இந்நோயில் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பிள்ளை விளையாடத் தொடங்கிவிடுவான், ஆனால் கொப்புளத்தின் நீரிலும் எச்சிலிலும் கிருமி இருக்கும். மலத்தில் அது பல வாரங்கள்கூட வெளியேறும். காய்ச்சல் என்று மட்டும் படித்த ஆசிரியை மூன்றாம் நாளே ‘இன்னும் வரவில்லையே’ என்று கேட்பார். நோயின் பெயரைப் படித்த ஆசிரியையோ அன்றே மேசைகளையும் கதவுக் கைப்பிடிகளையும் குளோராமின் பி என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைக்கச் சொல்வார், மற்றப் பிள்ளைகளின் உள்ளங்கைகளைப் பார்ப்பார். ஏழு நாளுக்குள் ஒரே வகுப்பில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்தால் வகுப்பையே பத்து நாள் மூடலாம் என்ற வழிகாட்டுதலும் இருக்கிறது. உண்மையை எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று தாய்மார்கள் அஞ்சுவதை நான் அறிவேன். அதற்கு வழி நோயை மறைப்பதல்ல. பெற்றோர் எல்லோரும் இருக்கும் ஸாலோ என்ற செய்திச் செயலியின் குழுவில் போடாமல் ஆசிரியைக்குத் தனியாகச் சொல்வதுதான். குழுவில் எதைச் சொல்வது, பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கடிதத்தின் உடல் ஏறத்தாழ இப்படி இருக்கலாம். தோழி இதைத் தம் மொழியின் மரியாதை நடையில் எழுதிக்கொள்வார்:

“பெறுநர்: பள்ளி நிர்வாகத்தினர், இரண்டாம் வகுப்பு ஆசிரியை அவர்கள்.

என் பெயர் …. நான் இரண்டாம் வகுப்பு மாணவன் … என்பவனின் தாய். அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு என் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மறுநாள் வாயில் புண்ணும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் கொப்புளங்களும் தோன்றின. 7ஆம் தேதி மருத்துவரிடம் காட்டினோம். கை, கால், வாய் நோய் என்று கண்டறிந்து, வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சொன்னார். ஆகவே 7 அக்டோபர் 2024, திங்கட்கிழமை முதல் 14 அக்டோபர் 2024, திங்கட்கிழமை முடிய என் மகனுக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விடுபட்ட பாடங்களை அவன் எழுதி முடிக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மருந்துச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். மனமார்ந்த நன்றி.”

மறுநாள் தோன்றியவை என்று நான் எழுதியிருப்பதை உங்கள் மகனுக்கு உண்மையில் நடந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். பாடத்தை முடிப்பதாகச் சொல்லும் அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். அங்கே எழுதப்படும் விடுப்புக் கடிதங்கள் பெரும்பாலானவற்றில் அது இடம்பெறும், இல்லாவிட்டால் கடிதம் பாதியில் நின்றதுபோலத் தோன்றும். கீழே வலப்புறத்தில் ஊரும் தேதியும், அதற்கடியில் ‘மாணவரின் பெற்றோர்’ என்ற சொல்லும், கையெழுத்தும், கையெழுத்துக்குக் கீழே உங்கள் முழுப் பெயரும் வர வேண்டும். தட்டச்சுச் செய்த தாளானாலும் கையெழுத்தைப் பேனாவால் போடுங்கள். தொடக்கப் பள்ளியில் பெற்றோரே எழுதுவது முறை. மேல்வகுப்புகளில் மாணவரே தம் பெயரில் எழுத, பெற்றோர் ஒப்புதல் கையெழுத்திடும் வழக்கமும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல், அனுமதி பெற்ற விடுப்பையும் சேர்த்து ஆண்டுக்கு 45 வேளைக்கு மேல் வராத மாணவர் அடுத்த வகுப்புக்குத் தேற்றப்படமாட்டார். இந்த வரம்பு உங்கள் மகனுக்கு இப்போது பொருந்தாது என்றாலும், மூத்த பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

நோயுள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடிதம் கொடுக்கப் பள்ளிக்குப் போக வேண்டாம். கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்து ஆசிரியைக்கு இன்றே அனுப்பிவிட்டு, மூலத்தைக் கணவர் வழியாகவோ அவன் திரும்பும் நாளிலோ கொடுத்தால் போதும். மதிய உணவு பள்ளியிலேயே என்றால் அதையும் அதே செய்தியில் ஒரு வரி சொல்லுங்கள். பல பள்ளிகளில், காலையில் சமையலறைக்குத் தலைக்கணக்குப் போகுமுன் தெரிவித்த நாட்களுக்கு உணவுப் பணத்தைக் கழித்துத் தருகிறார்கள்.

இடையில் காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் தணியாமல் நின்றாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கத்தில் பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அதிர்ந்தாலோ, கடிதத்தை மறந்துவிட்டு உடனே குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்தத் திடுக்கிடல் நோய் மூளையைத் தொடுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் வியட்நாமிய மருத்துவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். விடுப்பு நீள நேர்ந்தால் பழைய கடிதத்தில் தேதியைத் திருத்த வேண்டாம். முந்தைய விடுப்பின் தேதிகளைக் குறிப்பிட்டு, நீட்டிப்புக்கென்று இரண்டாவது கடிதம் எழுதி, 14ஆம் தேதி மாலைக்குள் ஆசிரியைக்கு அனுப்பிவிடுங்கள்.